நீக்கியதற்குக் காரணம்

என் அப்பா முப்பத்தோரு வருஷம் ஒரு உயர்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். பிள்ளைகளுக்கு டி.சி. எழுதிக் கொடுப்பதுதான் அவருடைய முக்கிய வேலை. பழைய பள்ளிப் பதிவேட்டில் பெயரை அடித்தால்தான் புதுப் பள்ளியில் சேர முடியும் என்பது அவர் ரத்தத்தில் ஊறிய சட்டம். அந்தச் சட்டத்தை அவர் என் தலையிலேயே பரீட்சித்துப் பார்ப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வந்ததெல்லாம் கோபம், கோபத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை நான் எப்படிப் பறந்துகொண்டிருந்தேன் தெரியுமா! காலையில் பஸ்ஸில் வரும்போதே மின்னஞ்சல் வந்துவிட்டது. நான் குடிவந்திருக்கும் இந்த நாட்டில் பிசியோதெரபிஸ்டுகளைப் பதிவுசெய்கிற ஆணையத்தில் என் கோப்பைப் பார்க்கிற அதிகாரி எழுதியிருந்தார். என் படிப்பை இங்கத்துப் படிப்போடு ஒப்பிட்டு முடித்துவிட்டார்கள். கல்லூரி கொடுத்த பயிற்சி மணிக்கணக்கு, எலும்பு மூட்டுப் பிரிவில் இத்தனை, நரம்பில் இத்தனை, நெஞ்சு நுரையீரலில் இத்தனை என்று பிரித்துக் கொடுத்தது, எல்லாம் சரி. மொழித் தேர்வு சரி. இனி ஒரே ஒரு தாள்தான் பாக்கி. நான் பதிவுசெய்திருக்கும் சொந்த நாட்டுக் கவுன்சில், 'இவர் எங்களிடம் பதிவு பெற்றவர், இவர் மேல் புகார் எதுவும் இல்லை' என்று ஒரு நன்னிலைச் சான்று தர வேண்டும். அதை என் கையில் கொடுக்கக்கூடாது. அவர்களே நேராக ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்!

அந்தத் தாளுக்கும் பத்து நாளுக்கு முன்பே ஏற்பாடு செய்துவிட்டேன். அப்பாவுக்கு ஒரு அதிகாரக் கடிதம் அனுப்பியிருந்தேன். 'என் பதிவு தொடர்பான எல்லா விண்ணப்பங்களையும் என் சார்பில் கொடுக்க என் தந்தைக்கு அதிகாரம் தருகிறேன்.' எல்லா விண்ணப்பங்களையும்! அந்த 'எல்லா' என்கிற வார்த்தையை எழுதிய கையை நானே கிள்ளிக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியின் மறுவாழ்வுக் கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை. ஊரில் ஆறு வருஷம் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள் இங்கே வந்து இரண்டு வருஷமாக உதவியாளர். பதிவு கிடைக்காமல் அந்தப் பட்டத்தைச் சட்டையில் குத்துகிற பெயர்ப் பட்டையில்கூடப் போட்டுக்கொள்ளக் கூடாது, சட்டப்படி குற்றம். சீனியர் எழுதிவைத்த பயிற்சியை நான் செய்ய வைக்கலாம். நோயாளியைப் பரிசோதித்து முடிவு எடுக்கக் கூடாது, பயிற்சியை மாற்றக் கூடாது. குறிப்பேட்டில் நான் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் கீழே 'உதவியாளர்' என்று போட்டுக் கையெழுத்திடுவேன். அதற்குக் கீழே சீனியர் மேலொப்பம் போடுவார்.

அன்று என் நோயாளி ஒரு லாரிக்காரர். பக்கவாதத்தில் இடது பக்கம் பலமிழந்து ஆறு வாரம் ஆன மனுஷர். இருபக்கமும் பிடித்து நடக்கிற இணைக்கம்பிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். இடது காலில் எடை விழும்போதெல்லாம் முழங்கால் சட்டென்று பின்பக்கமாக வளைந்து பூட்டிக்கொண்டது. எழுதியிருந்தது இருபது நடை. எனக்கோ கை பரபரத்தது. இருபது நடையும் வேண்டாம், நிறுத்தி, கண்ணாடி முன் நிற்கவைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கியபடியே எடையை மாற்றப் பழக்க வேண்டும். இப்படியே நடந்தால் தப்பான நடைதான் பழகும். ஆனால் நான் உதவியாளர். போய் சீனியரிடம் சொல்லத்தான் முடியும்.

"என்னம்மா, பல்லக் கடிச்சிட்டு நிக்கிற? நான் அவ்ளோ மோசமாவா நடக்கறேன்?" என்றார் லாரிக்காரர்.

"இல்லண்ணே, நீங்க நல்லாத்தான் நடக்கறீங்க. உங்க முட்டிதான் ரிவர்ஸ் கியர் போடுது."

அவர் கடகடவென்று சிரித்தார். சீனியரைக் கூப்பிட்டேன். நெட்டையான, அதிகம் பேசாத பெண்மணி. முழங்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டார். சொன்னேன். "சரி, அதையே எழுதறேன்" என்று தன் பெயரில் எழுதினார். அப்புறம் என் காதோரமாக, "நம்ம டீம்ல ஒரு இடம் காலியா இருக்கு. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பிடிச்சு வச்சிருக்கேன். பதிவு நம்பரோட வா" என்றார். நான் அங்கேயே ஒரு குதி குதித்திருப்பேன், லாரிக்காரர் பயந்துவிடுவாரே என்று விட்டேன்.

சாப்பாட்டு இடைவேளையில் அப்பா கூப்பிட்டார். குரலில் அப்படியொரு பெருமை.

"எல்லாத்தையும் முடிச்சுட்டேம்மா! சான்றுக்கு மனு போட்டாச்சு, வெள்ளிக்கிழமை அவங்க அனுப்பிடுவாங்க. இன்னொண்ணும் பண்ணிட்டேன். நீ மறந்துட்ட, நான் மறக்கல."

"என்னப்பா?"

"இங்க உன் பேர அடிச்சாச்சு! பேர் நீக்க ஒரு மனு இருந்துச்சு, அதையும் எழுதிக் குடுத்து, உன் ஒரிஜினல் சான்றிதழையும் ஒப்படைச்சுட்டேன். சான்றுக்கு ரெண்டு வாரமாம், ஆனா பேர மூணே நாள்ல அடிச்சுக் குடுத்துட்டாங்க. என்னா வேகம்ங்கற!"

கையிலிருந்த கரண்டி டப்பாவுக்குள் விழுந்தது.

"அப்பா... என் பேர... பதிவேட்டுலேர்ந்தா?"

"பின்ன? இங்க பேர் இருக்கும்போது அங்க எப்படிச் சேப்பாங்க? ரெண்டு ஸ்கூல்ல ஒரே புள்ள எப்படி இருக்க முடியும்?"

"நான் ஒண்ணும் ஸ்கூல் புள்ள இல்லப்பா!" நான் போட்ட கத்தலில் சாப்பாட்டு அறையே திரும்பிப் பார்த்தது. "இங்க பதிவு வாங்க அங்க பேர எடுக்கவே வேணாம்! நூறு நாட்டுல வேணும்னாலும் பதிவு வச்சுக்கலாம்! எங்க தொழில்ல பேர அடிக்கிறதுன்னா என்ன தெரியுமா? தப்புப் பண்ணவன் பேரத்தான் அடிப்பாங்க! இப்ப வெள்ளிக்கிழமை போற சான்றுல என்ன இருக்கும்? 'நீக்கப்பட்டவர்'னு இருக்கும்!"

"யாரையாவது கேட்டுட்டுக் குடுத்திருக்கலாமோ..." என்று இழுத்தார் அப்பா.

"கேக்கறதுக்கு என்னை விட்டா யாருப்பா இருக்கா?" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த அடுத்த நிமிஷமே பாவமாகவும் இருந்தது. கோபமும் போகவில்லை.

இதில் இன்னொரு முள்ளும் இருந்தது. என் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: 'எந்த நாட்டுப் பதிவேட்டிலிருந்தாவது உங்கள் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா?' ஐந்து மாதம் முன்பு நான் 'இல்லை' என்று குறித்திருந்தேன். அன்றைக்கு அது உண்மை. வெள்ளிக்கிழமை கவுன்சிலின் தாள் போய்ச் சேர்ந்தால் நான் பொய்க்காரி. படிப்பில் குறை இருந்தால் கூடுதல் பயிற்சி செய்து ஈடுகட்டலாம். நேர்மையில் குறை என்றால் கதை முடிந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் கிடங்கு வேலை முடிந்து வந்து ஷூகூடக் கழற்றவில்லை.

"இப்ப என்ன, கவுன்சிலுக்கு ஃபோன் போட்டு அந்தச் சான்ற அனுப்பாதீங்கன்னு நிறுத்திட்டு, பேர மறுபடி சேத்துட்டு, அப்புறம் அனுப்பச் சொல்லலாமே. இங்க இருக்கவங்களுக்கு ஏன் சொல்லணும்?"

நல்ல யோசனைதான், ஒரு கணம் எனக்கும் ஆசை வந்தது. கவுன்சிலின் இணையப் பக்கத்தைப் பார்த்தேன். நீக்கிய பெயரை மறுபடி சேர்க்கக் குழு கூட வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடுமாம். போன வாரம்தான் கூடி டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அதோட, தேதி எப்படியும் தெரியும்ங்க. நடுவுல ஒரு ஓட்டை இருக்கும். அவங்களா கண்டுபிடிச்சா நான் மறைச்சேன்னுதான் ஆகும். நானே முதல்ல சொல்லிடறேன்."

"அப்பாவக் காட்டிக் குடுக்கப் போறியா?"

"உள்ளதச் சொல்லப் போறேன்."

அப்படியே உட்கார்ந்து எழுதினேன். 'நான் விண்ணப்பித்த பிறகு என் நிலையில் ஒரு மாற்றம் ஏற்பட்டுள்ளது' என்று ஆரம்பித்து, நான் கொடுத்த அதிகாரக் கடிதம், அப்பா தப்பாகப் புரிந்துகொண்டது, நீக்கிய தேதி, எல்லாம். டி.சி. விஷயத்தையும் ஒரு வரி எழுதினேன். அனுப்புகிற பொத்தானை அழுத்தினேன்.

மறுநாளே பதில்! பஸ் நிறுத்தத்தில் நின்றபடி படித்து, பஸ்ஸையே விட்டுவிட்டேன். முன்கூட்டியே தெரிவித்ததற்கு நன்றி என்றார் அதிகாரி. தண்டனையாக இல்லாமல் விண்ணப்பத்தின் பேரில் பெயர் நீங்கியிருந்தால் அது தடை இல்லை. இப்போது பதிவு நடப்பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் கவுன்சில் நேரடியாக எழுத வேண்டும்: பதிவான தேதி, நீங்கிய தேதி, நீக்கியதற்குக் காரணம், முன்போ இப்போதோ புகாரோ விசாரணையோ இல்லை என்பது. இருபத்தெட்டு நாளுக்குள் வராவிட்டால் கோப்பு மூடப்படும்.

மூடினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் மொழித் தேர்வு காலாவதி ஆகிவிடும், சீனியர் பிடித்துவைத்த இடமும் போய்விடும். இருபத்தெட்டே நாள்!

அப்பாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். முந்தின நாளிலிருந்து ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தார் என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

"அப்பா, திட்டக் கூப்பிடல. நாலு விஷயம் சொல்றேன், எழுதிக்குங்க."

"சொல்லும்மா. பேனா கையிலதான் இருக்கு."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் கவுன்சில் அலுவலகத்தில். அம்மாவும் கூடப் போனாள். 'இந்தத் தடவை தனியா விட்டா என்னையும் நீக்கிட்டு வந்துடுவாரு' என்பது அவள் சொன்ன காரணம். அங்கே நடந்ததையெல்லாம் அம்மாதான் எனக்கு வரிக்கு வரி சொன்னாள்.

கவுன்டரில் இருந்த குமாஸ்தா கையை விரித்துவிட்டாராம். "எங்க சான்றுல ரெண்டே கட்டம்தான் சார். நடப்பில் உள்ளது, நீக்கப்பட்டது. காரணம்னு ஒரு கட்டமே கிடையாது. இல்லாத கட்டத்துல நான் என்னத்த எழுதறது?"

"காரணம் இல்லாம ஒரு பேர எப்படிங்க நீக்குவீங்க?" அப்பாவுக்கு உள்ளுக்குள் இருந்த எழுத்தர் முழித்துக்கொண்டார். "நான் முப்பத்தோரு வருஷம் டி.சி. எழுதினவன். 'பள்ளியை விட்டு நீங்கிய காரணம்'னு ஒரு கட்டம் இருக்கும். அது காலியா இருந்தா ஹெட்மாஸ்டர் கையெழுத்தே போட மாட்டாரு. உங்க சான்றுல இல்லாட்டி போகட்டும், உங்க நீக்கப் பதிவேட்ட எடுங்க. அதுல குறிப்புக் கட்டம் இருக்கும்."

இருந்தது! 'விண்ணப்பத்தின் பேரில்' என்று எழுதி, மனு எண்ணும் போட்டிருந்தது. பதிவேட்டில் இருப்பதைத் தனிக் கடிதமாக எழுதித் தரலாம்தானே என்று அப்பா கேட்க, குமாஸ்தா தலையைச் சொறிந்துகொண்டே பதிவாளர் அறைக்குள் அனுப்பினார். நான் இதைக் கேட்டு இங்கே கூடத்தின் நடைவழியில் நின்று கைதட்டினேன்.

பதிவாளர் தங்கமான மனுஷர். புகார்ப் பிரிவில் கேட்டு எதுவும் இல்லை என்று எழுதி வாங்கி ஒரு வாரத்தில் அனுப்புகிறேன் என்றாராம். "காரணம் ஒண்ணும் பிரச்சினை இல்ல. 'உறுப்பினரின் சொந்த விருப்பத்தின் பேரில்'னு போட்டுடறேன். சுருக்கமா முடிஞ்சுடும். நீங்க அதுக்கு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

அப்பா எழுத உட்கார்ந்தார். அம்மா பக்கத்தில் நின்றாள். அவர் ஒரு வரி எழுதினாராம், பிறகு பேனாவை எடுத்துவிட்டு வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அப்புறம் நிமிந்து பாத்து, 'அய்யா, இது அவ விருப்பம் இல்ல. அவ கேக்கவே இல்ல. நான் கேட்டேன், தப்பாப் புரிஞ்சுக்கிட்டு. அவ அங்க உண்மையச் சொல்லிட்டா. இங்கேர்ந்து வேற மாதிரி போகக் கூடாது. உள்ளபடியே போடுங்க'ன்னு சொன்னாரும்மா." அம்மா அதோடு விடவில்லை. "முப்பத்தெட்டு வருஷமா 'என் தப்பு'ன்னு ஒரு வார்த்தைய இந்த மனுஷன் வாயிலேர்ந்து வாங்க நான் பட்ட பாடு! ஒரு ஆபீஸ்ல போய் எழுத்துலயே குடுத்துட்டாரு!"

எட்டாம் நாள் கவுன்சில் ஆணையத்துக்குக் கடிதம் அனுப்பி, எனக்கு ஒரு நகலும் அனுப்பியது. பஸ்ஸில் உட்கார்ந்து திறந்தேன். பதிவாளர் கடிதம் ஒரு பக்கம்: தேதிகள், புகார் இல்லை, விசாரணை இல்லை, 'தந்தை தவறான புரிதலில் அளித்த விண்ணப்பத்தின் பேரில் நீக்கப்பட்டது'. கூடவே இணைப்பாக அப்பா கைப்பட எழுதியது.

அதில் முதல் வரியிலேயே ஒரு அடித்தல். 'என் மகளின் விருப்பத்தின் பேரில்' என்று எழுதி, அதன் மேல் ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது தெளிவாகப் படிக்க முடிகிற மாதிரி, ஒரே கோடு. மேலே 'என் சொந்த முடிவின் பேரில்'. பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து, தேதி. சின்ன வயசில் நோட்டில் நான் தப்பைக் கிறுக்கி மறைத்தால் அவருக்கு ஆகவே ஆகாது. 'தப்ப மறைக்காத, ஒரே கோடு போடு, பக்கத்துல கையெழுத்துப் போடு' என்பார். ஆஸ்பத்திரிக் குறிப்பேட்டிலும் அதுதான் விதி. அந்தக் கோட்டைப் பார்த்து நான் பஸ்ஸில் விசும்பிவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மாள் பாவம், டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் காத்திருப்பு. ஆணையத்தின் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். நான் தினமும் என் பெயரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். 'இந்தப் பெயரில் யாரும் இல்லை', 'இந்தப் பெயரில் யாரும் இல்லை'. பன்னிரண்டு நாள் அதே பல்லவி. "உன் பேர நீயே திருடற மாதிரி பாக்கற" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார்.

இருபத்திரண்டாம் நாள், புதன்கிழமை காலை பதினொன்று இருபது. லாரிக்காரரைக் கண்ணாடி முன் நிறுத்திவிட்டுக் கையைத் துடைக்கப் போனேன். சீனியர் தன் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே, "இங்க வா, இது உன் பேர்தானே? எழுத்து சரியா இருக்கா பாரு" என்றார்.

என் பெயர்! பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட். பக்கத்தில் பதிவு எண். நிலை: பதிவு பெற்றவர்.

"அய்யோ!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். கால் தரையில் நிற்கவில்லை. லாரிக்காரர் கண்ணாடியிலேயே பார்த்து, "என்னம்மா, லைசென்ஸ் வந்துடுச்சா?" என்றார். அவருக்கு எல்லாக் கதையும் தெரியும். "வந்துடுச்சுண்ணே!" என்றேன். "அப்போ வண்டிய எடு!" என்றார்.

ஆஸ்பத்திரியில் பதவியை மாற்றிப் போடுகிற வேலைகள் முடிய அடுத்த வாரம் ஆனது. புதுப் பெயர்ப் பட்டையைக் குத்திக்கொண்டு முதல் நாள், முதல் ஆள், லாரிக்காரர்தான். நானே பரிசோதித்தேன். இடுப்பு, முழங்கால், கணுக்கால், ஒவ்வொன்றாக. முழங்கால் பின்னால் பூட்டுவது பாதி குறைந்திருந்தது. நானே முடிவு செய்தேன், இனிப் படி ஏறலாம். ஒரே ஒரு படி, கைப்பிடியோடு, என் கை அவர் முட்டியில். ஏறினார்! ஏறி நின்று கூடத்தையே சுற்றிப் பார்த்தார், லாரி மேலே ஏறி உட்கார்ந்த மாதிரி.

குறிப்பேட்டில் முழுக்க எழுதிக் கையெழுத்திட்டேன். சந்தோஷத்தில் கை தன் போக்கில் ஓடி, கீழே 'உதவியாளர்' என்று எழுதிவிட்டது. இரண்டு வருஷப் பழக்கம்! சீனியரும் பழக்கத்தில் மேலொப்பம் போடப் பேனாவோடு வந்து குனிந்துவிட்டார். இரண்டு பேரும் அந்த வார்த்தையைப் பார்த்தோம். அவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

சாப்பாட்டு இடைவேளையில் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, இன்னைக்கு முதல் நாளே குறிப்பேட்டுல ஒரு தப்பு பண்ணிட்டேன். 'உதவியாளர்'னு போட்டுட்டேன்."

"கிறுக்கினியா?"

"இல்லப்பா. ஒரே கோடு."

"கீழ இருக்கறது தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"பக்கத்துல கையெழுத்து?"

"போட்டேன். தேதியும் போட்டேன்."

"மேல என்னன்னு எழுதின?"

"பிசியோதெரபிஸ்ட்னு எழுதினேன்ப்பா."

"இன்னொரு தடவ சொல்லு. உங்கம்மாவுக்குக் கேக்கலயாம்."

"எனக்கு நல்லாவே கேட்டுச்சு" என்றாள் அம்மா பின்னாலிருந்து.

நான் இன்னொரு தடவை சொன்னேன்.